ஆசிரியருக்கு எட்டு வரியில் ஒரு நன்றிப் பாட்டு: எழுதுவது முதல் சட்டம் போட்டுக் கொடுப்பது வரை

மலேசியாவில் மே 16 ஆசிரியர் தினம். அதற்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் வகுப்புப் பெற்றோர் புலனக் குழுவில் ஒரு செய்தி வந்தது: "டீச்சருக்கு ஒரு சின்ன கவிதை வேண்டும், பிள்ளைகள் மேடையில் சொல்லணும், அப்படியே கேடயத்திலும் போடணும், யார் எழுதுவது?" சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளி எங்களுடையது. என் மகள் அப்போது மூன்றாம் ஆண்டு. நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து நாளில் நான் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். யாப்பு படித்தவர்களுக்கு இது தேவையில்லை. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், பாட்டு மட்டும் எழுதியதில்லை என்பவர்களுக்கு இது போதும்.

1. முதலில் நாளையும் பெயரையும் உறுதி செய்யுங்கள்

மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். பாட்டுக்கு ஒரு வாரம், பிள்ளைகள் மனப்பாடம் செய்ய ஒரு வாரம், அச்சுக்கும் சட்டத்துக்கும் ஒரு வாரம். மே 16 சனி ஞாயிறில் விழுந்தால் பள்ளி வேறு நாளில் கொண்டாடலாம். அதனால் பள்ளி எந்த நாளில் விழா வைக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். ஆசிரியரின் அடையாள அட்டையில் இருப்பது ரோமன் எழுத்து. அதைப் பார்த்து நாமாகத் தமிழில் எழுதினால் லெட்சுமியா, லட்சுமியா, இலட்சுமியா என்ற குழப்பம் வரும். தலைப்பெழுத்தும் அப்படித்தான். பள்ளி ஆண்டு மலரில் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். அது இல்லையென்றால் பள்ளி அலுவலகத்தில் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி எழுதாதீர்கள்.

பெயரைப் பாட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. தாளம் பெயருக்காக வளையாது, பெயரையும் தாளத்துக்காக வளைக்கக் கூடாது. மேலே தலைப்பில் பெரிதாகப் போடுங்கள்.

2. எழுதுவதற்கு முன் பிள்ளைகளிடம் கேளுங்கள்

நான் முதலில் எழுதிய வரி "அறியாமை இருளகற்றிய அறிவொளியே". எழுதியதும் பெருமையாகத்தான் இருந்தது. மகளிடம் படிக்கக் கொடுத்தேன். 'இருளகற்றிய' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். பிறகு, "இது எந்த டீச்சரும்மா?" என்று கேட்டாள். அந்தத் தாளை அப்போதே கிழித்துவிட்டேன். ஒளி, விளக்கு, ஏணி, தெய்வம், சிற்பி ஆகிய ஐந்தும் நாட்டில் உள்ள எல்லா ஆசிரியருக்கும் பொருந்தும். உங்கள் ஆசிரியர் கேட்கும்போது, "இது என்னைப் பற்றி" என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அதனால் பிள்ளைகளிடம், "டீச்சர் நல்லவரா?" என்று கேட்காதீர்கள். "என்ன செய்தார், எப்போது, கையில் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில்கள் இவை. செம்பனைக் காட்டு வழியாக நடந்து வரும் பிள்ளைகள் மழையில் நனைந்து வந்தால் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிடுவார். தப்பாக எழுதினால் கத்த மாட்டார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தித் திருத்துவார். ஒரு பையன் தம் அண்ணன் போட்ட பழைய சப்பாத்தைப் போட்டு வந்தான், கயிறு அறுந்திருந்தது. மறுநாள் டீச்சர் புதுக் கயிறு வாங்கி வந்து கோத்துக் கட்டிவிட்டார்.

இப்படி மூன்று செய்திகள் போதும். எட்டு வரிக்கு நான்காவது செய்தி இடம் பிடிக்காது. மூன்று செய்திக்கு இரண்டிரண்டு வரி, கடைசி இரண்டு வரி நன்றிக்கு.

3. தாளத்தைத் தேர்ந்தெடுங்கள்: மா, மா, காய்

இதுதான் நான் அதிகம் திணறிய இடம். வரிகளின் கடைசிச் சொல் ஒத்து வந்தால் பாட்டாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாது. வரிக்கு வரி நீளம் மாறினால் கூட்டமாகச் சொல்லும்போது ஒரு பிள்ளை முந்தும், ஒரு பிள்ளை பிந்தும்.

எங்கள் தோட்டத்தில் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் எளிய வழி காட்டினார். ஒவ்வொரு வரியிலும் மூன்று சீர். முதல் இரண்டு சிறியது, மூன்றாவது கொஞ்சம் நீண்டது. யாப்பில் இதை 'மா மா காய்' என்பார்கள். இரண்டு வரியைச் சேர்த்து எழுதினால் அறுசீர் விருத்தத்தின் ஒரு அடி. பிள்ளைகளுக்காக அதை இரண்டாக மடித்து எட்டு வரியாக எழுதுகிறோம், அவ்வளவுதான்.

சொல்லைத் துண்டாக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நெடில் எழுத்து தனியாக ஒரு துண்டு. குறிலுக்கு அடுத்துப் புள்ளி எழுத்து வந்தால் அதுவும் சேர்ந்து ஒரு துண்டு. குறிலுக்கு அடுத்துப் புள்ளி இல்லாத எழுத்து வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே துண்டு. எந்தத் துண்டுக்குப் பின்னாலும் புள்ளி எழுத்து வந்தால் அது அந்தத் துண்டோடு ஒட்டிக்கொள்ளும். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரத்தைக் குறிலாக எண்ணுங்கள்.

இப்போது பாருங்கள். மழை-யில், நனைந்-து, எங்-கள், நன்-றி: எல்லாம் இரண்டு துண்டு, இரண்டாவது துண்டில் ஒரே ஒரு உயிரோசைதான் இருக்கிறது. இதுதான் மா. வந்-தபோ-து, துடைத்-தீர்-கள்: மூன்று துண்டு, கடைசித் துண்டில் ஒரே ஓசை. இது காய்.

'புத்தகம்' என்ற சொல் என்னை ஒரு மணி நேரம் அலைக்கழித்தது. புத்-தகம். இரண்டாவது துண்டில் 'த', 'க' என்று இரண்டு ஓசை இருப்பதால் மாவாக வராது. முதல் இரண்டு இடத்தில் வைத்தால் நாக்கு இடறும். காலணி (கா-லணி) கூட அப்படித்தான். வழி என்னவென்றால், ஓர் உருபைச் சேர்த்து மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிடுங்கள். புத்-தகத்-தை என்று ஆக்கினால் அருமையான காய். "பழைய கிழிந்த புத்தகத்தை" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தடையில்லாமல் ஓடும்.

துண்டாக்குவது குழப்பினால் கை தட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு தட்டு: மழையில், நனைந்து, வந்த, போது. மூன்றாம் சீருக்கு மட்டும் இரண்டு தட்டு. நான்காவது தட்டில் வாயில் சொல் இல்லாமல் போனாலோ, சொல் மிஞ்சினாலோ அந்த வரி தவறு.

4. எதுகைக்கு ஒரு குடும்பத்தைப் பிடியுங்கள்

1, 3, 5, 7 ஆகிய வரிகளின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒத்து வர வேண்டும். இதுதான் எதுகை. தமிழ்ப் பாட்டில் காதுக்கு முதலில் கேட்பது இதுதான், வரிக் கடைசி அதற்கு அப்புறம்தான்.

உங்களிடம் இருக்கும் மூன்று செய்தியில் எந்தச் சொல்லுக்கு உறவு அதிகம் என்று பாருங்கள். எனக்கு 'மழை' கிடைத்தது. உடனே ஒரு தாளில் பட்டியல் போட்டேன்: பிழை, பழைய, நுழைந்து, விழுந்து, எழுந்து, எழுதி, அழுது, கழுவி, வழியில், மொழியை, புழுதி. உங்களுக்கு 'பாடம்' என்று தொடங்கினால் ஓடி, கூடி, தேடி, நாடி, வீடு என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு, நான் அதில் விழுந்தேன். "வாழை இலையைக் குடையாக்கி" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பிள்ளைகள் உண்மையிலேயே அப்படித்தான் வந்தார்கள். தாளமும் சரியாக இருந்தது. ஆனால் மழைக்கும் வாழைக்கும் எதுகை ஆகாது. இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'ம' குறில், 'வா' நெடில். அந்த வரியை எடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் எடுத்தேன். பட்டியல் போடும்போதே குறிலை ஒரு பக்கமும் நெடிலை ஒரு பக்கமும் எழுதிவிட்டால் இந்த வேதனை இல்லை.

5. அடுத்த வரியை மோனையால் தொடுங்கள்

முதல் வரி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, இரண்டாம் வரியும் அதன் இனத்தில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதே எழுத்தாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். மெய்யோடு சேர்ந்தாலும் இதே கணக்குதான். அதனால் 'பி' என்று தொடங்கும் வரிக்கு 'பெ' மோனையாக வரும், 'ப' என்பதற்கு 'பா' வரும். இதோடு ம-வ, ச-த, ந-ஞ ஆகிய சோடிகளும் மோனையாகும். இது தெரியாமல் 'ம'வுக்கு 'ம'வையே தேடி ஒரு முழு மாலையை வீணாக்கினேன். 'வகுப்பில்' என்ற சொல் கண் முன்னே இருந்தது.

6. எழுதுங்கள், பிறகு பிள்ளைகளிடம் சரிபாருங்கள்

நான் எழுதி முடித்த பாட்டு இது:

மழையில் நனைந்து வந்தபோது
வகுப்பில் தலையைத் துடைத்தீர்கள்;
பிழையாய் எழுதி நின்றபோது
பெயரைச் சொல்லித் திருத்தினீர்கள்;
பழைய கறுப்புச் சப்பாத்தைப்
பார்த்துக் கயிறு மாற்றினீர்கள்;
எழுந்து நின்று சொல்கின்றோம்,
எங்கள் நன்றி ஆசிரியர்!

இந்த நிலைக்கு வருமுன் மூன்று இடத்தில் மாற்றினேன். நான்காம் வரி முதலில் "பிரம்பை மறந்து சிரித்தீர்கள்" என்று இருந்தது. மோனை, தாளம் இரண்டும் பொருந்தியிருந்தன. மகள் கேட்டுவிட்டு, "டீச்சர்கிட்ட பிரம்பே இல்லையேம்மா" என்றாள். ஓசைக்காக நான் அவர் கையில் பிரம்பைக் கொடுத்திருக்கிறேன்! மேடையில் அதைச் சொல்லியிருந்தால் நன்றிப் பாட்டு பழிச்சொல்லாக மாறியிருக்கும். பிள்ளைகள் சொன்னதையே திரும்பப் படித்தேன். 'பெயரைச் சொல்லி' அங்கேயே இருந்தது.

ஐந்தாம் வரியில் முதலில் 'வெள்ளைச் சப்பாத்து' என்று எழுதியிருந்தேன். நான் படித்த காலத்து நினைவு அது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் போடுவது கறுப்பு. நல்லவேளை, 'வெள்ளைச்' இருந்த இடத்தில் 'கறுப்புச்' அப்படியே உட்கார்ந்தது, இரண்டும் மாதான். நம் காலத்துக் கரும்பலகை, சுண்ணாம்புக் கட்டி, பால்மரம் எல்லாம் இப்படித் தானாக வந்து நுழையும். ஒவ்வொன்றையும் பிள்ளைகளிடம் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாவது, ஏழாம் வரியின் 'சொல்கின்றோம்'. பேச்சுக்கு நெருக்கமானது 'சொல்கிறோம்'தான். ஆனால் அது சொல்-கிறோம் என்று இரண்டே துண்டாக நின்றுவிடுகிறது, நான்காவது தட்டு வெறுமையாகிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் எழுத்து நடைக்குப் போனேன். எட்டு வரியில் ஒன்று என்றால் பிள்ளைகளுக்குக் கஷ்டமில்லை.

வரிக் கடைசி ஒத்து வருவதற்கு இயைபு என்று பெயர். 'துடைத்தீர்கள், திருத்தினீர்கள், மாற்றினீர்கள்' என்று மூன்று முறை வந்தபின் கடைசியில் அதை விட்டுவிட்டேன். அங்கேயும் 'ஏற்பீர்கள்' என்று போட்டுப் பார்த்தேன், ஓசை சரிதான், ஆனால் எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசாது. பாட வேளை முடிந்ததும் வகுப்பே எழுந்து நின்று, "நன்றி ஆசிரியர்" என்று இழுத்துச் சொல்லும் அல்லவா, அதையே வைத்தேன். 'ஆசிரியர்' ஆ-சிரி-யர் என்று சரியான காய். 'ஆசிரியரே' என்று ஏகாரம் சேர்த்தால் கடைசித் துண்டு நீண்டு தாளம் கெடும். இலக்கணம் தெரிந்த ஒருவர் அதைச் சேர்க்கச் சொன்னார், நான் சேர்க்கவில்லை.

7. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்

ஒரு பிள்ளைக்கு முழுப் பாட்டையும் கொடுத்தால் மேடையில் மறந்துவிடும். நாங்கள் மூன்று சோடியாகப் பிரித்தோம். சோடிக்கு இரண்டு வரி. மோனை இரண்டிரண்டு வரியை ஒரு முடிச்சுப்போல் கட்டியிருப்பதால் பிரிப்பதும் எளிது. கடைசி இரண்டு வரியை வகுப்பே எழுந்து நின்று சொல்லும். நிதானமாகச் சொன்னால் மொத்தம் அரை நிமிடம்கூட ஆகாது, எனவே இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள்.

'மழை' 'மலை'யாகவும் 'பிழை' 'பிலை'யாகவும் வந்தால் எதுகையே போய்விடும். விழா வரை தினமும் காலையில் ஐந்து நிமிடம் நான்கு முதல் சொற்களை மட்டும் சொல்ல வைத்தோம்: மழையில், பிழையாய், பழைய, எழுந்து. நாக்கு நுனி மேலண்ணத்தை ஒட்டாமல் பின்னால் மடங்க வேண்டும், அவ்வளவுதான்.

8. அச்சு: பணம் வீணாகும் இடம்

பாட்டைக் கைப்பேசியில் தட்டி, பட்டணத்தில் ஒரு கடைக்குப் புலனத்தில் அனுப்பினேன். அக்ரிலிக் கேடயம், 75 வெள்ளி, முன்பணம் கட்டியாயிற்று. விழாவுக்கு முதல் நாள் போய் வாங்கினால் 'பெயரைச்' என்பதில் கொம்பு 'ப'வுக்கு முன்னால் இல்லாமல் பின்னால் நிற்கிறது. 'சொல்லித்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், 'ச' ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கடைக்காரர் தமிழ் தெரியாதவர், அவருக்கு அது பிழையாகவே தெரியவில்லை. என் கைப்பேசியில் ஒருங்குறி எழுத்து சரியாகத்தான் இருந்தது. அவருடைய வடிவமைப்பு மென்பொருள் தமிழுக்கு அமைக்கப்படாததால் ஒட்டியதும் எழுத்துகள் கலைந்துவிட்டன.

இதைத் தவிர்க்க எளிய வழி, எழுத்தாக அனுப்பாமல் அமைத்து முடித்த பக்கமாகவே அனுப்புவது. கைப்பேசியில் செல்லினம் போன்ற தமிழ் விசைப்பலகையால் தட்டி, பக்கத்தை நீங்களே அமைத்து PDF கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள். கணினியில் என்றால் Nirmala UI அல்லது Noto Sans Tamil எழுத்துருவில் அமைக்கலாம். கடையில், "இதை மறுபடி தட்டாதீர்கள், இப்படியே அச்சடியுங்கள்" என்று சொல்லுங்கள். அச்சடிக்கும் முன் திரையில் தெரிவதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, கொம்பு உள்ள சொற்களை மட்டும் பாருங்கள். எங்கள் பாட்டில் அவை பெயரை, சொல்லி, சொல்கின்றோம், வந்தபோது, நின்றபோது. இந்த ஐந்தும் சரியாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அன்று மாலை வேறு வழியில்லாமல் போட்டோஸ்டேட் கடையில் கெட்டித் தாளில் வண்ணத்தில் அச்சடித்தேன், 2 வெள்ளி. ஏ4 அளவு மரச் சட்டம் 18 வெள்ளி. பிள்ளைகள் பார்த்துப் படிக்க எட்டுப் படி, 1 வெள்ளி 60 காசு. மொத்தம் 21 வெள்ளி 60 காசு. கேடயத்தை விட இது நன்றாகவே இருந்தது. உங்களுக்கு நான் சொல்வதும் இதுதான், சட்டமே போதும்.

9. கொடுக்கும் நாள்

சட்டத்தில் வைக்கும் முன் தாளின் பின்பக்கம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே பெயர் எழுதட்டும். எங்கள் வகுப்பில் 26 பேர், அதற்கு அரை மணி நேரம் ஆனது. பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். மை பேனா என்றால் முன்பக்கம் ஊறித் தெரியும். சட்டத்தின் பின் அட்டையை ஆணி அடித்து மூடிவிடாமல் கொக்கியோடு விடச் சொல்லி வாங்குங்கள். எங்கள் டீச்சர் வீட்டுக்குப் போனதும் முதலில் திறந்து பார்த்தது அந்தப் பின்பக்கத்தைத்தான் என்று மறுநாள் மகளிடம் சொல்லியிருக்கிறார்.